ட்ரீப்புக்கு என்ன பெயர்: மரக்குவியலா, குவிமரமா, குலுக்கல் மரமா?

கார்த்தி, ஈரோடு

அனைவருக்கும் வணக்கம். தரவுக் கட்டமைப்புச் சொற்பட்டியலில் ட்ரீப் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. ட்ரீயையும் ஹீப்பையும் ஒட்டிச் செய்த பெயர் அது. ஹீப்புக்குக் குவியல் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம், அதனால் 'மரக்குவியல்' என்று போட்டுவிடலாமா? விளக்கம் இப்படி எழுதியிருக்கிறேன்: "சாவிகள் முன்பின்னாகக் கலந்து வந்தால் சராசரியாகச் சமநிலையில் நிற்கும் மரம்."

பழனிச்சாமி, கோபி

தம்பி, மரக்குவியல் என்றால் நம் பக்கத்தில் மரக்கடை வாசலில் அடுக்கியிருப்பதைத்தான் நினைப்பார்கள். தொகைச்சொல்லில் பின்னால் நிற்கிற சொல்தான் அது எந்த இனம் என்று காட்டும். இது மரமா, குவியலா? கணினி தெரிந்தவர்கள் அதை முதலில் சொல்லுங்கள். மரம்தான் என்றால் 'குவிமரம்' என்பேன், குவிமாடம் போல.

மல்லிகா, கோவை

மரம்தான் ஐயா. தேடுவதும் சேர்ப்பதும் இரும தேடல் மரத்தில் போலவே நடக்கும்: சின்ன சாவி இடப்பக்கம், பெரிய சாவி வலப்பக்கம். ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு முன்னுரிமை எண்ணும் உண்டு, அதில் மட்டும் குவியலின் விதி: மேலே இருப்பது கீழே இருப்பதைவிடப் பெரியது.

கார்த்தி, உங்கள் விளக்கத்தில் பாதிதான் சரி. சாவிகள் கலந்து வந்தால் சாதாரணத் தேடல் மரமே ஓரளவு சமமாக நிற்கும், அதற்கு ட்ரீப் தேவையில்லை. இங்கே சராசரி என்பது வருகிற சரக்கைப் பற்றியதே இல்லை. எண்ணை நாம் குலுக்கி எடுக்கிறோம், அந்தக் குலுக்கலின் மேல் எடுக்கிற சராசரி. சாவிகள் எந்த வரிசையில் வந்தாலும் அது மாறாது.

போட்டுப் பாருங்கள். 10, 20, 30, 40, 50 என்று ஏறுவரிசையில் சாவிகள் வருகின்றன. சாதாரண மரத்தில் ஒவ்வொன்றும் முந்தையதன் வலப்பக்கம் தொங்கி ஐந்து மட்டச் சங்கிலியாகிவிடும். இப்போது குலுக்கியதில் இவற்றுக்கு முறையே 42, 17, 88, 35, 61 விழுந்ததாக வைத்துக்கொள்வோம். 10 வேர். 20 அதன் வலப்பக்கம் போகிறது. 17 சிறியது, அங்கேயே நிற்கும். 30 வந்து 20க்குக் கீழே உட்காருகிறது, ஆனால் அதன் எண் 88. ஒரு சுழற்சியில் 20ஐத் தாண்டுகிறது, இன்னொன்றில் 10ஐயும் தாண்டி வேராகிறது. அதன் இடப்பக்கம் 10, அந்த 10க்கு வலப்பக்கம் 20. அடுத்து 40 வந்து 30க்கு வலப்பக்கம் நிற்கும். 50 அதற்குக் கீழே வந்து, 61 என்பதால் 40க்கு மேலேறி, 88ஐப் பார்த்து நின்றுவிடும். மொத்தம் மூன்று சுழற்சிகள், மூன்று மட்டங்கள். இதே சாவிகளை இதே எண்களோடு எந்த வரிசையில் சேர்த்தாலும் இதே மரம்தான் வரும்.

செந்தில், திருப்பூர்

அக்கா, இடையில் என் கதையைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். எங்கள் நிறுவனத்தில் நூல் லாட்டுகளை நினைவகத்தில் வைக்க ட்ரீப்தான் இருக்கிறது, பைத்தானில் எழுதியது. சாவி லாட் எண். முன்னுரிமை என்றால் எது அவசரமோ அதுதானே? புதிய லாட்டைத்தான் அதிகம் கேட்பார்கள் என்று இப்படிப் போட்டிருக்கிறார்கள்:

```python
node.pri = lot.entered_at
```

புதிய லாட் சேர்ப்பது படு வேகம். பழைய லாட்டைத் தேடினால்

```
RecursionError: maximum recursion depth exceeded
```

என்று நிற்கிறது. சராசரியாகச் சமநிலை என்று சொன்னீர்களே, எங்கள் சராசரி எங்கே போனது?

மல்லிகா, கோவை

செந்தில், உங்கள் லாட் எண்ணும் கூடிக்கொண்டே போகிறது, பதிந்த நேரமும் கூடிக்கொண்டே போகிறது. அதனால் புதிதாக வரும் ஒவ்வொரு லாட்டும் வேருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, ஒரே சுழற்சியில் தானே வேராகிவிடும். பழைய மரம் முழுவதும் அதன் இடப்பக்கம் தொங்கும். சேர்ப்பதற்கு ஒரு சுழற்சி போதும், அதனால்தான் வேகம். உள்ளே இருப்பது இடப்பக்கமாக இறங்கும் ஒற்றைச் சங்கிலி. பைத்தான் தானாக அனுமதிக்கும் மீள்அழைப்பு ஆழம் 1000, உங்கள் தேடல் அதில் முட்டுகிறது. சேர்ப்பது வேகமாகவும் பழையதைத் தேடுவது மந்தமாகவும் இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மரத்தில் விதி எதுவும் மீறப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். சாவி வரிசை சரி, குவியல் வரிசை சரி. எண் குலுக்கி எடுத்ததாக இல்லை, அவ்வளவுதான்.

கார்த்தி, ஈரோடு

அப்படியானால் `random.randint(1, 10)` போதுமா?

மல்லிகா, கோவை

போதாது. 40,000 லாட் இருந்தால் சுமார் 4,000 லாட்டுக்கு 10 என்ற எண்ணே விழும். சமமாக இருந்தால் சுழற்ற மாட்டோம், அதனால் அந்த 4,000மும் வந்த வரிசையிலேயே வலப்பக்கச் சங்கிலியாகிவிடும். `random.getrandbits(32)` போடுங்கள், மோதல் அபூர்வம். 10 லட்சம் சாவி இருந்தாலும் ஒரு சாவியைத் தேடச் சராசரியாக 25 படி இறங்கினால் போதும். கச்சிதமாகச் சமன் செய்த மரத்தில் ஏறக்குறைய 20 ஆகும். ஆனால் மிக ஆழமான கிளை 50ஐ ஒட்டிப் போகலாம். சராசரி என்றால் எல்லாக் கிளையும் ஒரே அளவு என்று பொருள் இல்லை.

பழனிச்சாமி, கோபி

அம்மிணி சொல்வதைப் பார்த்தால் உயிர்நாடியே குலுக்கல்தான். நம் ஊர்க் குலுக்கல் சீட்டு போலத்தானே: யார் முதலில் சேர்ந்தார் என்று பார்ப்பதில்லை, எந்தப் பெயர் விழுகிறதோ அவருக்கு. 'குலுக்கல் மரம்' என்றே வைத்துவிடுங்கள். 'முன்னுரிமை' என்ற சொல்தான் செந்தில் தம்பி அலுவலகத்தில் வழிதவற வைத்திருக்கிறது. அதையும் 'குலுக்கெண்' ஆக்கிவிடலாம்.

மல்லிகா, கோவை

குலுக்கெண் எனக்குப் பிடித்திருக்கிறது ஐயா. குலுக்கல் மரத்தில் மட்டும் தயக்கம். 1989இல் இதை வெளியிட்ட செசிலியா அரகனும் ரைமண்ட் சைடலும் தங்கள் கட்டுரையின் தலைப்பில் வைத்தது 'குலுக்கிய தேடல் மரங்கள்' என்ற பொருள் தரும் பெயரைத்தான். ட்ரீப் என்பது அதன் வடிவத்துக்கான பெயர். அந்த வடிவம் அதற்கு முன்பே, 1980இல், வியேமான் எழுதிய கார்ட்டீசியன் மரம். அதில் குலுக்கல் கட்டாயம் இல்லை. செந்திலின் சங்கிலியும் வடிவத்தில் ட்ரீப்தான், அதைக் குலுக்கல் மரம் என்று எப்படிச் சொல்வது? வடிவத்துக்குக் குவிமரம், எண்ணைக் குலுக்கி எடுத்தால் குலுக்கல் மரம் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

'முன்னுரிமை மரம்' மட்டும் வேண்டாம். மெக்ரைட் ட்ரீப் என்ற பெயரை முதலில் வேறொரு அமைப்புக்கு வைத்திருந்து, பிறகு அதை விட்டுவிட்டு 'முன்னுரிமைத் தேடல் மரம்' என்று மாற்றினார். அது தனி அமைப்பு.

கார்த்தி, ஈரோடு

சரி, குவிமரம் பட்டியலில் ஏறுகிறது, விளக்கத்தையும் திருத்திவிடுகிறேன். குலுக்கெண் பற்றி எனக்கு ஒரு சங்கடம்: முன்னுரிமை வரிசை என்று வேறு இடத்தில் எழுதியிருக்கிறோம், அங்கே எண் குலுக்கியது இல்லை. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொல் வைத்தால் மாணவர்கள் திணறுவார்களே?

பழனிச்சாமி, கோபி

திணறட்டும் தம்பி, இரண்டும் வேறு வேறு பொருள்தானே.

செந்தில், திருப்பூர்

பெயர் எதுவானாலும் சரிங்க. எண்ணை மாற்றிவிட்டேன், பழைய லாட் கிடைக்கிறது. ஒரு சந்தேகம்: இரவில் லாட்டுகளைக் கோப்பில் சேமிக்கும்போது குலுக்கெண்ணையும் சேமிக்க வேண்டுமா?

மல்லிகா, கோவை

வேண்டியதில்லை. காலையில் ஏற்றும்போது புதிதாகக் குலுக்கிக்கொள்ளலாம். மரத்தின் வடிவம் மாறும், லாட்டுகள் அதே வரிசையில்தான் வரும். ஆனால் `random.seed` போட்டு அதை லாட் எண்ணோடு இணைத்துவிடாதீர்கள்.