உள்ளேயே ஆள் எடுத்துவிட்டார்களாம், இந்தப் பதில் சரியா?

அண்ணாமார், அக்காமார், ஒரு சின்ன உதவி. கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் உதவிக் கணக்காளர் வேலைக்கு இரண்டாம் நேர்முகம் வரை போனேன். உள்ளே இருந்த ஒருவருக்கே பதவி உயர்வு கொடுத்துவிட்டார்களாம், ஆட்சேர்ப்பு அதிகாரி நேற்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்.

அப்படியென்றால் பதவி உயர்வு பெற்றவர் இருந்த கதிரை காலியாகும்தானே? அதைக் குறிவைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியதன் சாரம் இது:

"அறியத் தந்ததற்கு நன்றி. நேர்முகத்தில் பேசிய பெறுமதிசேர் வரி அறிக்கை, மாத முடிவுக் கணக்கு வேலைகளில் எனக்கு இன்னும் ஆர்வம் உண்டு. இந்த மாற்றத்தால் கணக்குப் பிரிவில் வேறு இடம் வந்தால் என்னையும் கவனியுங்கள். என் விபரக்கோவையை உங்கள் பட்டியலில் வைத்திருக்கச் சம்மதம். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து வரலாம்."

புதிய மின்னஞ்சலாக இல்லாமல், அந்த அதிகாரி அனுப்பியதற்கே பதிலாக அனுப்பப் போகிறேன். அப்போதுதான் பிறகு தேடினாலும் என் பெயரும் நேர்முக விபரமும் ஒன்றாக வரும்.

எச்.ஆரில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: அந்தக் காலி இடத்தைப் பற்றிய வரி அவசரப்படுவது போலத் தெரிகிறதா? பட்டியலில் இருப்பவர்களை உண்மையில் திரும்பப் பார்ப்பீர்களா, இல்லை நான்தான் இடைக்கிடை நினைவூட்ட வேண்டுமா?