உரையைக் குறிப்பு அட்டைகளாக மாற்றினேன்; அட்டையைப் பார்த்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை

மாறன்
அவசரம். நாளை மறுநாள் மேடையில் பேச வேண்டும். உரை முழுவதையும் எழுதி, முக்கியச் சொற்களை மட்டும் எடுத்து அட்டைகளில் குறித்துவிட்டேன். ஒத்திகை பார்த்தால் ஒவ்வொரு அட்டையிலும் தடுமாறுகிறேன். சொற்கள் கண் முன்னே இருக்கின்றன, வாக்கியம் வர மறுக்கிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் மறந்துபோகிறது. என்ன செய்யலாம்?

தணிகை
எத்தனை நிமிட உரை? எத்தனை அட்டைகள்? ஒலிவாங்கியைக் கையில் பிடிக்க வேண்டுமா, முன்னால் சாய்மேசை இருக்குமா? இவை தெரியாமல் எதைச் சொல்வது?

பூங்குன்றன்
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். கேட்பவர்கள் பழைய இழைகளைப் படிப்பதே இல்லை. அட்டை என்பதே பயிற்சி போதாதவர்களுக்கான ஊன்றுகோல். உரையை மனப்பாடம் செய்யுங்கள். அட்டை தேவைப்படாது.

இளவேனில்
நான் தேர்வுக்கு அட்டைகளில்தான் படித்தேன். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. நீங்களும் இரண்டு பக்கமும் எழுதிப் பாருங்கள், நன்றாக மனத்தில் நிற்கும்.

தணிகை
இளவேனில், அது படிப்பதற்கான அட்டை. மேடையில் பின்பக்கத்தில் எழுதினால் திருப்பிய பக்கம் எது, திருப்பாதது எது என்று குழம்பிவிடும். ஒரு பக்கம் மட்டும் எழுதி, மூலையில் பெரிதாக எண் போட வேண்டும். கீழே விழுந்தாலும் அந்த எண் காப்பாற்றும்.

செங்கதிர்
நேரக் கணக்கு எளிது. நிமிடத்துக்கு 130 சொற்கள். உரையின் சொற்களை எண்ணி 130ஆல் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும்.

மாறன்
மன்னியுங்கள், விவரம் இதோ. ஓய்வு பெறும் நூலகரைப் பாராட்டும் உரை. எனக்கு 7 நிமிடம். ஒலிவாங்கி தாங்கியில் இருக்கும், கைகள் இரண்டும் விடுதலை. 610 சொற்கள். செங்கதிர் கணக்குப்படி 5 நிமிடத்துக்கும் குறைவாக வர வேண்டும், வாய்விட்டுப் படித்தால் 7:50 ஆகிறது. அட்டைகள் 19.

கயல்
மாறன், ஓர் அட்டையில் இருப்பதையும் அதற்குரிய மூலப் பத்தியையும் அப்படியே போடுங்கள். பார்க்காமல் சொல்ல முடியாது.

மாறன்
பத்தி: "அவர் பொறுப்பேற்றபோது மாலை ஐந்து மணிக்கே நூலகம் மூடப்படும். வேலை முடிந்து வருபவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்த்தார்கள். அவர் முதலில் மாற்றியது அந்த நேரத்தை. இரவு எட்டு மணி வரை திறந்து வைத்தார். அந்த மூன்று மணி நேரத்தில்தான் நான் தேர்வுக்குப் படித்தேன்."
அட்டை: பொறுப்பேற்பு – நூலகம் – நேரம் – மாற்றம் – தேர்வு.

கயல்
சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பத்தியின் தலைப்புகளை எடுத்திருக்கிறீர்கள், வாக்கியத்தை எழுப்பும் சொற்களை எடுக்கவில்லை. "நேரம்" என்ற சொல்லிலிருந்து எங்கு வேண்டுமானாலும் போகலாம். "பூட்டிய கதவு" என்றால் ஒரே இடத்துக்குத்தான் போக முடியும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. பெயர்ச்சொல்லை மட்டும் பார்த்துப் பேசத் தொடங்கினால் பாதி வழியில் முடிவு தெரியாமல் நிற்போம். ஆகவே வரிக்கு மனத்தில் படம் எழுப்பும் ஒரு சொல்லோ எண்ணோ, தேவையான இடத்தில் அதன் வினையும் இருக்கட்டும்.

உங்கள் அட்டையை நான் இப்படி எழுதுவேன். ஒற்றைச் சாய்கோடு சிறு நிறுத்தம், இரட்டைச் சாய்கோடு நீண்ட நிறுத்தம்:

```
3                      1:40

5 மணி – பூட்டிய கதவு  //
8 மணி வரை திறந்தார்  /
அந்த 3 மணி நேரம் – நான் படித்தேன்  //

→ நேரம் மட்டுமா? விதியும் மாறியது.
```

கடைசி வரியைப் பாருங்கள். பேச்சாளர் சிக்குவது பெரும்பாலும் அட்டைக்குள் இல்லை, ஓர் அட்டை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான். அதனால் இணைப்பு வரியை மட்டும் முழு வாக்கியமாக எழுத வேண்டும். உரையின் முதல் வாக்கியம், கடைசி வாக்கியம், பெயர்கள், ஆண்டுகள் ஆகியவையும் முழுதாக இருக்கட்டும். மற்றவை சொற்கள் போதும்.

செங்கதிர், நிமிடத்துக்கு 130 என்பது ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லப்படும் அளவு. "நூலகத்திலிருந்து" என்பது நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு மூன்று. மாறன் நின்றுகொண்டு உரக்கப் படித்து எடுத்த 7:50தான் உண்மையான அளவு.

செங்கதிர்
சரி, ஆங்கில உரைக்கு அது பொருந்தும். ஆனாலும் எண்ணிக்கையே வேண்டாம் என்பதை ஏற்கமாட்டேன். தன் வேகத்தை ஒருமுறை அளந்துகொண்டால் அடுத்த உரைக்கு அதையே பயன்படுத்தலாமே.

கயல்
அதை நானும் ஏற்கிறேன்.

தணிகை
அட்டைக்கு முன்பாக உரையை வெட்ட வேண்டும். அட்டை நேரத்தைக் குறைக்காது. சொற்களைப் பார்த்துப் பேசும்போது வாக்கியங்கள் நீளத்தான் செய்யும். கைதட்டலும் சிரிப்பும் வேறு சேரும். ஒத்திகையில் 6:15க்கு முடிகிற அளவுக்குக் குறையுங்கள். 19 அட்டைகள் அதிகம், 8 அல்லது 9 போதும்.

மூலையில் எழுதும் நேரம் அந்த அட்டை எடுத்துக்கொள்ளும் நேரம் அன்று, தொடக்கத்திலிருந்து ஓடிய நேரம். கடிகாரம் காட்டுவதும் அதைத்தான்; மேடையில் கூட்டல் போட முடியாது. பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து, ஒவ்வோர் அட்டையும் தொடங்கும் இடத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லா அட்டையிலும் எழுதினால் கண் கடிகாரத்திலேயே இருக்கும். மூன்று இடங்கள் போதும்.

இன்னொன்று. நடுவில் ஓர் அட்டையைத் தவிர்க்கக்கூடியதாக வைத்து, அதைச் சுற்றிக் கட்டம் போடுங்கள். 6ஆவது அது என்றால், 5ஆவது அட்டையில் இரண்டு இணைப்பு வரிகள் வேண்டும்: 6க்குப் போக ஒன்று, நேராக 7க்குத் தாவ ஒன்று. "4:00 தாண்டினால் 7" என்று அங்கேயே எழுதிவிடுங்கள். மேடையில் நின்றுகொண்டு எதை விடலாம் என்று யோசித்தால் நல்ல பகுதிதான் பலியாகும்.

பூங்குன்றன்
இவ்வளவு குறிகளைப் போட்டால் பேச்சாளர் பார்வையாளர்களை எப்போது பார்ப்பார்? சாய்கோடு, இரட்டைச் சாய்கோடு எல்லாம் தேவையற்றவை. அட்டையை மாற்றும் செயலே ஒரு நிறுத்தம். நிறுத்தம் வேண்டிய இடத்தில் அட்டையை முடியுங்கள்.

கயல்
அட்டை மாறும் இடத்து நிறுத்தத்துக்கு அது பொருந்தும். ஆனால் "பூட்டிய கதவு" என்பதற்குப் பின் வரும் நிறுத்தம் கருத்தின் நடுவில் இருக்கிறது. அங்கே அட்டையை மாற்றினால் தலை குனிந்துவிடும். கேட்பவர்கள் அந்தக் கதவைக் கற்பனை செய்யும் நொடியில் பேச்சாளரின் முகம் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பூங்குன்றன்
அப்படியானால் குறிக்குப் பதில் ஒரு வெற்று வரி விடுங்கள். கண் தானாக நிற்கும்.

தணிகை
பதற்றத்தில் கண் வெற்று வரியைத் தாண்டி ஓடிவிடும். நான் சிவப்பில் "மூச்சு" என்றே எழுதுகிறேன். ஒரு முழு மூச்சு எடுத்தால் இரண்டு மூன்று விநாடி தானாகப் போய்விடும். விநாடிகளை எழுதினால் பயன் இல்லை. மேடையில் ஒரு விநாடியே நெடுநேரமாகத் தோன்றும், எல்லோரும் அவசரப்பட்டுத்தான் எண்ணுவார்கள்.

பூங்குன்றன்
எழுதிய சொல்லை வாய் படித்துவிடும். "மூச்சு" என்று ஒலிவாங்கியில் சொன்னவரை நேரில் கேட்டிருக்கிறேன்.

இளவேனில்
அப்படியென்றால் கைப்பேசித் திரையில் உரையை ஓடவிட்டால் என்ன?

தணிகை
திரை அணைந்துவிடும், விரல் பட்டால் வேறு பக்கத்துக்குப் போய்விடும். அதை விடுங்கள். மாறன், எங்கே இருக்கிறீர்கள்?

மாறன்
முடிந்தது. 9 அட்டைகள். 5ஆவதில் கடிகாரம் 4:20 காட்டியது, 6ஆவதை விட்டுவிட்டு 7க்குத் தாவினேன். 6:50க்கு முடிந்தது. வெற்று வரிகளை எங்கும் கவனிக்கவில்லை, சாய்கோடுகள் கண்ணில் பட்டன. எல்லோருக்கும் நன்றி.

கயல்
மகிழ்ச்சி. 5ஆவது அட்டையின் இரண்டு இணைப்பு வரிகளையும் ஒரே நிறத்தில் எழுதினீர்களா, வேறு வேறா? அதில் எது எளிது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.