கை முஷ்டியும் தண்ணீர் பாட்டிலும்: ஒரு குழந்தையின் கேள்வி

மூன்றாம் வகுப்பு ஆசிரியை:
இதயப் பாடம். முஷ்டியைக் காட்டி, "உங்கள் இதயம் ஏறக்குறைய உங்கள் முஷ்டி அளவுதான்" என்றேன். அப்புறம் சிவப்புத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை வாளிக்கு மேல் அமுக்கினேன். பீய்ச்சியது, ஒரே கைதட்டல். அடுத்து, அமுக்கிய கையோடு பாட்டிலின் வாயை வாளித் தண்ணீரில் மூழ்கவைத்து, பிறகு கையைத் தளர்த்தினேன். வெளியே போன தண்ணீர் அதே வாய் வழியாகத் திரும்பி உள்ளே ஏறியது. முன் வரிசைப் பையன் எழுந்து, "டீச்சர், இரத்தமும் இப்படித் திரும்பி வந்துடுமா?" என்று கேட்டான். "வராது, உட்கார்" என்றேன். ஏன் வராது என்று சொல்லாமல் விட்டது இரண்டு வாரமாக உறுத்துகிறது.

ஒரு அப்பா:
சரியாகத்தான் காட்டியிருக்கிறீர்கள். இதயம் விரிந்து பாட்டில் மாதிரி இரத்தத்தை உறிஞ்சிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

செவிலியர்:
அப்பா சொன்னது பாதிதான். இதயம் விரியும்போது கொஞ்சம் உறிஞ்சும், உண்மை. ஆனால் திரும்பி வரும் இரத்தத்தின் அழுத்தமே பெரும்பகுதியை உள்ளே நிரப்புகிறது. அந்தப் பையன் கேட்டது வேறு. இரத்தம் பின்னால் வராமல் தடுக்கும் கதவு, அதாவது வால்வைத்தான் அவன் கேட்டிருக்கிறான்.

நான் இப்படிச் செய்வேன். பாட்டிலின் அடிப்பக்கத்தில் விரல் நுழையாத அளவு ஒரு ஓட்டை போட்டு, அந்த ஓட்டை மட்டும் மூழ்கும்படி தொட்டித் தண்ணீரில் நிறுத்துவேன். ஒரு குழந்தையின் கட்டைவிரல் ஓட்டையில், இன்னொரு குழந்தையின் கட்டைவிரல் வாயில். அமுக்கும்போது கீழ்விரல் மூடியிருக்கும், மேல்விரல் திறக்கும். தளர்த்தும்போது மேல்விரல் மூடி, கீழ்விரல் திறக்கும். தண்ணீர் ஒரே திசையில் போகும்.

ஒருமுறை ஒரு சிறுமி கீழ்விரலை வைக்கத் தாமதித்தாள். பாதித் தண்ணீர் தொட்டிக்கே திரும்பியது. "என்னாலதான் ஒழுகுச்சு" என்று கண் கலங்கினாள். "சரியாக மூடாத வால்விலும் இதுதான் நடக்கும், மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பில் அந்தக் கசிவின் சத்தத்தைக் கேட்பார்" என்றேன். அழுகை நின்றது. உடனே தன் நெஞ்சில் காது வைக்கச் சொல்லி என்னைப் பிடித்துக்கொண்டாள். லப்‑டப் என்று கேட்பது வால்வுகள் மூடும் சத்தம்தான்.

ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: உள்ளே விரல் வைக்க ஆள் கிடையாது. இரத்தமே முன்னால் போகும்போது வால்வைத் தள்ளித் திறக்கிறது, பின்னால் வர முயன்றால் அதுவே மூடிவிடுகிறது.

ஒரு பாட்டி:
என் பேரன் ஒரு நிமிடத்தில் எண்பது தடவை முஷ்டியை மூடித் திறந்தான். கை வலித்ததும், "தூங்கும்போது இதயத்துக்கு வலிக்காதா பாட்டி?" என்று கேட்டான். பாட்டிலை விட அதுதான் எனக்குப் பெரிய கேள்வி. யாராவது சொல்லுங்களேன்.

அப்பா:
ஒவ்வொரு துடிப்புக்கு நடுவிலும் தளர்கிறதே, அதுதான் ஓய்வு.

செவிலியர்:
அது மட்டும் போதாது, கைத்தசையும்தான் நடுநடுவே தளர்கிறது. இதயத் தசையே வேறு வகை, ஆக்சிஜனை விடாமல் வாங்கிக்கொண்டே வேலை செய்யும். ஏழு வயதுக்கு இதை எப்படிக் காட்டுவது என்று எனக்கும் இன்னும் பிடிபடவில்லை.

ஆசிரியை:
நாளைக்கு அந்தப் பையனையே வாய்ப்பக்க விரலாக நிறுத்தப் போகிறேன்.