புதுப்பிப்பு: இரும்புத் தரம்பார்த்தலில் பழுப்புக் கலங்கல் போய்விட்டது

நான் கேட்டிருந்தது: "பெர்மாங்கனேட் விட விடக் கரைசல் பழுப்பாகக் கலங்குகிறது, இளஞ்சிவப்பே வரவில்லை. ஏன்?"

அமிலம் போதவில்லை. ஆய்வக அனுபவமுள்ள அக்கா சொன்னதுதான் சரி: ஒரு பெர்மாங்கனேட் அயனி 5 இரும்பு அயனிகளை ஆக்சிஜனேற்ற 8 ஹைட்ரஜன் அயனிகள் வேண்டும். அவை குறைந்தால் மாங்கனீசு பாதிவழியில் டையாக்சைடாக நின்று பழுப்பாகப் படிகிறது, கணக்கும் கெடுகிறது.

"எந்த அமிலமும் போதும், ஹைட்ரோகுளோரிக் ஊற்று" என்ற நண்பர் பாதி சரி. அதன் குளோரைடையும் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றுவதால் அளவு கூடிவிடும். நீர்த்த சல்பூரிக் அமிலமே நல்லது.

இன்று இரும்பு அயனி தரும் மோர் உப்பின் 0.1 M கரைசல் 20 மி.லி.யுடன் 1 M சல்பூரிக் அமிலம் 20 மி.லி. சேர்த்து, 0.02 M பெர்மாங்கனேட் விட்டேன். குடுவைக்கடியில் வெள்ளைத் தாள். விழுந்த ஊதா உடனே மறைந்தது; கடைசியில் ஒரே சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பு, 30 விநாடி நின்றது. அதுதான் முடிவுப்புள்ளி.

தன் குடுவையில் சில நிமிடங்களில் நிறம் மங்குகிறது என்ற தம்பிக்கு: மங்கட்டும், மேலும் சொட்டு விடாதே. மிஞ்சிய பெர்மாங்கனேட் உருவான மாங்கனீசு அயனியோடு மெல்ல வினைபுரிகிறது.

பெர்மாங்கனேட் 20.0 மி.லி. செலவாக வேண்டிய இடத்தில் எனக்கு மூன்று முறையும் 19.7. காலையில் கரைத்த உப்பைக் காற்று கொஞ்சம் தின்றுவிட்டதோ? நாளை புதிதாகக் கரைத்துப் பார்க்கிறேன்.