புதுப்பிப்பு: சுழற்சி ஏன் திசை மாறியது?

"எதிரொளிப்பும் பெரிதாக்கமும் சரியாக வருகின்றன. 90° இடஞ்சுழிச் சுழற்சி மட்டும் ஏன் வலஞ்சுழியாகிறது?"

இரண்டுக்கு இரண்டு அணிகளால் புள்ளிகளை உருமாற்றியபோது இப்படிக் கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. பதிலில் கோணத்தின் குறியை மாற்றச் சொன்னவர் பாதி சரி. விடை வரும், ஆனால் தவறு மறைந்துவிடும். ஓர் ஆசிரியை அக்காதான் பிடித்தார். (1,0), (0,1) போய்ச்சேரும் புள்ளிகளை நான் அணியின் நிரைகளாக எழுதியிருந்தேன். அவை நிரல்களாக நிற்க வேண்டும்.

```
0 -1
1  0
```

இப்போது (3,1) சரியாக (-1,3)க்குப் போகிறது. முன்பு (1,-3) வந்தது. y = x கோட்டு எதிரொளிப்பிலும் 2 மடங்கு பெரிதாக்கத்திலும் நிரையை நிரலாக்கினாலும் அதே அணிதான். அதனால்தான் பிழை தெரியவே இல்லை!

அப்புறம், (1,1)ஐ மையமாக வைத்துப் பெரிதாக்கக் கேட்ட தம்பிக்கு: இரண்டுக்கு இரண்டு அணி ஆதிப்புள்ளியை நகர்த்தாது, அதனால் அது மட்டும் போதாது. இடப்பெயர்ச்சியைத் தனியே கூட்டுவதா, மூன்றுக்கு மூன்று அணிக்குப் போவதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.