புதுப்பிப்பு: தகுதிகாண் காலமும் 90 நாள் நோட்டீஸும்

நான் கேட்டது: "தகுதிகாண் காலம் 6 மாதம், எழுத்துமூலம் உறுதிசெய்யும் வரை நீடிக்கும், நோட்டீஸ் 90 நாள் என்கிறது புதிய நிறுவனம் அனுப்பிய வேலை நியமன மின்னஞ்சல். 7-வது மாதத்தில் என் நிலை என்ன?"

உதவிய அனைவருக்கும் நன்றி. நேற்று ஒப்புதல் அனுப்பிவிட்டேன். 6 மாதம் முடிந்தால் தானாக நிரந்தரம் என்று ஒருவர் சொன்னது பாதி சரி: நீட்டிப்புக்கு உச்சவரம்பு எழுதப்பட்டிருந்தால்தான் அந்த வாதம் நிற்கும் என்று மனிதவளத் துறையில் பணிபுரியும் அக்கா திருத்தினார். அவர் யோசனைப்படி, எத்தனை மாதம் வரை நீட்டிப்பீர்கள், அதுவரை இருதரப்புக்கும் நோட்டீஸ் எவ்வளவு என்று இரண்டே கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டேன். ஒரே முறை, 3 மாதம் வரை நீட்டிக்கலாம், அக்காலத்தில் இருதரப்புக்கும் 30 நாள் என்று திருத்திய கடிதமே வந்தது.

எதிர்பாராதது பணிக்கொடை. அடிப்படைச் சம்பளம் 25,000 ரூபாயில் 4.81 சதவீதம், அதாவது மாதம் சுமார் 1,202 ரூபாய், ஆண்டுச் சம்பளக் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தது. நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக 5 ஆண்டு முடிந்தால்தான் அது கைக்கு வரும். ஆகவே இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது அதைக் கழித்துவிட்டே பார்த்தேன்.

நோட்டீஸுக்குப் பதிலாகப் பணம் கட்டினால் அடிப்படைச் சம்பளமா, மொத்தச் சம்பளமா என்பதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.