பாத்தியகலமா, பிரிவு நீளமா?

பொருள்: "பின் விட்த்" என்பதற்கு ஒரு சொல் வேண்டும்
திருச்செங்கோட்டிலிருந்து

எல்லோருக்கும் வணக்கமுங்க. பைத்தானில் புள்ளியியல் சொல்லித்தரும் தொடர் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நிகழ்வுச் செவ்வகப் படத்தில் ஒவ்வொரு செவ்வகமும் எவ்வளவு அகலத்தை அள்ளுகிறதோ, அதற்கு ஒரு சொல் வேண்டும். இப்போதைக்கு "பின் அகலம்" என்று போட்டிருக்கிறேன். வாயில் ஒட்டவில்லை.

எடுத்துக்காட்டுக்கு எங்கள் வீட்டு நோட்டையே எடுத்தேன். அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்தவர். 120 போர்களின் ஆழம் அடிக்கணக்கில் அதில் இருக்கிறது. மிகக் குறைவு 200, மிக அதிகம் 960. முப்பது முப்பது அடியாகத் தொகுத்தேன்:

```python
np.histogram(aazham, bins=np.arange(0, 1000, 30))
```

300 அடியிலிருந்து 420 வரைக்கும் வந்த நான்கு எண்ணிக்கைகள் 11, 6, 11, 6. மற்ற இடங்களிலும் சீப்புப் பல் மாதிரி ஏறி இறங்குகிறது. இதற்கு என்ன காரணம் எழுதுவதென்று தெரியவில்லை. சொல்லும் சொல்லுங்க, காரணமும் சொல்லுங்க.

---

திருப்பூரிலிருந்து

பின் அகலம் என்றால் எங்கள் ஊரில் சட்டையின் பின்பக்கத்து அகலம். முன் பாகம், பின் பாகம், தோள், கை என்றுதான் அளவு எழுதுவோம். டி-சர்ட்டுக்கும் பைத்தானுக்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பைப் பார்த்துத்தான் மடலையே திறந்தேன். வேறு சொல் தேடுங்க, இது வேண்டாம்.

---

கோபியிலிருந்து

அண்ணா, சீப்புப் பல்லுக்குக் காரணம் எளிது. நம் பக்கம் அடியில் முழுக்கக் கெட்டிப் பாறை. தண்ணி பாறை வெடிப்பில்தான் இருக்கும். வெடிப்பு வரும் ஆழத்தில் போர் நிற்கும், வராத ஆழத்தில் நிற்காது. 11 வருகிற இடமெல்லாம் வெடிப்பு அடுக்கு. இதையே பாடத்தில் எழுதலாம், நல்ல உள்ளூர் உதாரணம்.

அப்புறம், அகலத்தை நீங்களாக முடிவு செய்யக் கூடாது. 1926-லேயே ஸ்டர்ஜஸ் விதி சொல்லிவிட்டார். எண்ணிக்கைக்கு இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கையோடு ஒன்று கூட்டினால் எத்தனை செவ்வகம் என்று வந்துவிடும். 120-க்கு எட்டு. ஆர் மொழியில் `hist` தானாகச் செய்வதும் இதை ஒட்டித்தான்.

சொல்லுக்கு என் ஓட்டு "பட்டையகலம்".

---

பொள்ளாச்சியிலிருந்து

தம்பி கோபி, பாறை வெடிப்பு 60 அடிக்கு ஒரு முறை இவ்வளவு ஒழுங்காக, அதுவும் ஊருக்கு ஊர் ஒரே ஆழத்தில் வராது. இவ்வளவு ஒழுங்கு தெரிந்தால் மண்ணைப் பார்க்காதே, அளந்தவன் கையைப் பார்.

திருச்செங்கோட்டாரிடம் ஒரு கேள்வி. உங்கள் வண்டியில் ஒரு ராடு எத்தனை அடி?

---

திருச்செங்கோட்டிலிருந்து

20 அடிங்க ஐயா. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். எல்லா ஆழமும் 20-இன் மடங்கு. எத்தனை ராடு இறங்கியதோ அதுதான் ஆழம், அதற்குத்தான் கூலி. அரை ராடு ஓட்டி நிறுத்தினாலும் முழு ராடாக எழுதியிருப்பார் போல.

300 அடி 5 போர், 320 அடி 6, 340 அடி 6, 360 அடி 6, 380 அடி 5, 400 அடி 6.

---

பொள்ளாச்சியிலிருந்து

அங்கேதான் விஷயம். இந்த ஆறு எண்ணும் ஏறக்குறைய சமம், மேடும் இல்லை பள்ளமும் இல்லை. உங்கள் முப்பதடிக் கூறுகளை இதன்மேல் வையுங்கள். 300 முதல் 330-க்குள் 300, 320 என்று இரண்டு ராடு நீளம் விழுகிறது. 330 முதல் 360-க்குள் 340 மட்டும். அடுத்ததில் மறுபடி இரண்டு, அதற்கடுத்ததில் ஒன்று. 11, 6, 11, 6 வந்தது இப்படித்தான். பல் பாறையிலும் இல்லை, தண்ணியிலும் இல்லை. இருபதை முப்பதால் வெட்டினால் வரும் மிச்சம் அது.

அதையே 300-இலிருந்து நாற்பதடியாகத் தொகுத்துப் பாருங்கள். 11, 12, 11 வரும். அதே 34 போர்கள்தான், பல் போய்விடும். அளவு எந்த அலகில் முழுமையாக்கப்பட்டிருக்கிறதோ, அகலம் அதன் முழு மடங்காக இருக்கட்டும். ஸ்டர்ஜஸ் விதிக்கு உங்கள் ராடு எத்தனை அடி என்று தெரியாது. அது எண்ணிக்கையை மட்டும் பார்க்கும், அதுவும் பரவல் ஒரே மணி வடிவத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு.

இன்னொரு விஷயம். மதிப்பு சரியாக எல்லையில் விழுந்தால் எந்தப் பக்கம் போகும்? பைத்தானின் நம்பை அதை வலப்பக்கக் கூறில் போடும், கடைசிக் கூறுக்கு மட்டும் விலக்கு. ஆர் மொழியோ, நாம் எதுவும் சொல்லாமல் விட்டால் இடப்பக்கத்தில் போடும். நூறு நூறாகத் தொகுத்தால் உங்கள் 300 அடிப் போர் ஐந்தும் ஒன்றில் இங்கே, இன்னொன்றில் அங்கே. எல்லையை 190, 290, 390 என்று வையுங்கள். எந்த ராடும் எல்லையில் விழாது, இரண்டிலும் ஒரே விடை வரும்.

---

ஈரோட்டிலிருந்து

நான் பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர். புதுச் சொல் எதற்கு? பாடப்புத்தகத்தில் "பிரிவு இடைவெளி" இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஏற்கனவே தெரிந்த சொல்.

ஒரு சங்கடம் எனக்கே உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிகழ்வுச் செவ்வகங்களுக்கு நடுவில் இடைவெளி விடக் கூடாது என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் பிரிவு இடைவெளி 10 என்பேன். வருஷத்துக்கு நாலு பிள்ளைகளாவது செவ்வகத்துக்கு நடுவே பத்து விட்டு வரைந்து வருவார்கள். அதனால் "பிரிவு நீளம்" என்றால் எனக்குச் சம்மதம். பட்டையகலம் வேண்டாம், அலைவரிசைக்காரர்கள் அதை எப்போதோ எடுத்துக்கொண்டார்கள்.

---

திருச்செங்கோட்டிலிருந்து

ஐயா சொன்னபடி 190-இல் தொடங்கி நூறடியாகத் தொகுத்தேன். 15, 28, 14, 6, 17, 23, 12, 5. இரண்டு மேடு! முந்நூறுகளில் ஒன்று, எழுநூறுகளில் ஒன்று. சராசரி 542 அடி. ஆனால் ஐந்நூறுகளில் ஆறே போர். "சராசரி ஆழம்" என்று நான் முதல் பாடத்தில் எழுதியது யாருடைய போரும் இல்லை.

அகலத்தை முந்நூறு ஆக்கினால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். சுழியத்திலிருந்து தொடங்கினால் 15, 48, 52, 5. நடுவில் ஒரே மேடு, அதுவும் சராசரி இருக்கும் பக்கமே. 200-இலிருந்து தொடங்கினால் 57, 46, 17. ஆழம் போகப் போகப் போர் குறைகிறது என்று கதை மாறிவிடுகிறது. ஒரே நோட்டு, ஒரே அகலம்!

கோபி தம்பியின் எட்டும் போட்டுப் பார்த்தேன். 95 அடி அகலம் வந்தது, இரண்டு மேடும் தெரிகிறது.

---

கோபியிலிருந்து

பார்த்தீங்களா? ஸ்டர்ஜஸ் தப்பில்லை.

---

பொள்ளாச்சியிலிருந்து

இந்த நோட்டுக்குத் தப்பில்லை. மேடுகள் நன்றாக விலகி இருப்பதால் பிழைத்தது. 95 அடியில் ஏழு கூறுக்கு ஐந்து ராடு நீளம், ஒன்றுக்கு மட்டும் நான்கு. அந்த ஏற்றத்தாழ்வு பெரிய மேட்டின் நிழலில் மறைந்துவிட்டது. கால்மான வீச்சை வைத்துக் கணக்கிடும் 1981-ஆம் ஆண்டு ஃப்ரீட்மன், டயகோனிஸ் விதியும் உண்டு. உங்கள் நோட்டுக்கு அது 156 அடி தரும், என் கண்ணுக்கு இங்கே கொஞ்சம் தாராளம். இரண்டு மேடு இருந்தால் வீச்சு பெருத்து, விதி தரும் அகலமும் பெருக்கும். நான் விதி தரும் எண்ணைத் தொடக்கமாகத்தான் எடுப்பேன். அதன் பாதியும் இரட்டையும் வரைந்து, எல்லையை அரைக் கூறு நகர்த்தியும் பார்ப்பேன். எல்லாப் படத்திலும் நிற்கும் மேட்டைத்தான் நம்புவேன்.

நோட்டில் ஊர்ப் பெயர் உண்டா?

---

திருச்செங்கோட்டிலிருந்து

உண்டுங்க. முந்நூறுகளில் இருப்பதில் பெரும்பாலானவை கீழ்பவானி வாய்க்கால் பாயும் ஊர்கள், எழுநூறுகள் மேட்டாங்காடு. ஆனால் முந்நூறில் சில போர்களுக்கு எதிரே "காசு இல்லை, நிறுத்தம்" என்று அப்பா எழுதியிருக்கிறார். அவற்றைத் தண்ணி கிடைத்த ஆழம் என்று எண்ணலாமா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

---

திருப்பூரிலிருந்து

எனக்கு இப்போதுதான் புரிகிறது, இது எங்கள் தரப் பரிசோதனையிலும் இருக்கிறது. சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்னும் துணியின் ஜிஎஸ்எம் 160 கேட்டால், ஐந்து சதவீதம் ஏற்றத்தாழ்வு விட்டு 152 முதல் 168 வரை பாஸ். ஐந்தைந்தாகத் தொகுத்த தாளில் எல்லாம் அழகாக இருக்கும். ஒவ்வொரு ஜிஎஸ்எம்மாகத் தனித்தனியே வரைந்தேன். 151 காலி, 152 ஒரே கோபுரம். 150 முதல் 154 வரை ஒரே செவ்வகமாக இருந்ததால் ஃபெயிலும் பாஸும் ஒன்றாகக் கலந்து இதை மறைத்திருக்கிறது. யார் கை அது என்று இங்கே எழுத மாட்டேன்.

---

பெருந்துறையிலிருந்து

நான் விவசாயி, மடல்களைப் படிப்பதோடு சரி. இதைப் படிக்கப் படிக்க எனக்கு மஞ்சக்காடுதான் கண்ணில் நிற்கிறது. "பாத்தி" என்று சொன்னால் என்ன? ஒன்றை ஒன்று ஒட்டித்தான் பாத்தி கட்டுவோம், நடுவில் வரப்பு மட்டும். பாத்தியை எவ்வளவு அகலம் கட்டுகிறோமோ அப்படித்தான் தண்ணி நிற்பது தெரியும். ரொம்பச் சின்னதாகக் கட்டினால் ஒன்று நிறைந்து ஒன்று காயும். ரொம்பப் பெரிதாகக் கட்டினால் மேடு பள்ளம் எல்லாம் ஒரே தண்ணியில் மூடிப்போகும். ஐயா சொன்ன எல்லையை வரப்பு என்று சொல்லலாம். 300 அடிப் போர் வரப்பின் மேலே விழுந்த தண்ணி. எந்தப் பக்கம் வழியும் என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

---

பொள்ளாச்சியிலிருந்து

அருமையாகச் சொன்னீர்கள் அம்மா. குறளில் "பாத்தூண்" என்று வருமே, பகுத்து உண்பது. பாத்தியையும் அந்தப் "பாத்து" பக்கத்திலேயே வைத்துப் பார்க்கலாம். பாத்தி, வரப்பு, பாத்தியகலம் என்று மூன்று சொல்லும் ஒரே குடும்பமாக நிற்கிறது.

---

ஈரோட்டிலிருந்து

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்கா, உங்கள் காட்டில் எல்லாப் பாத்தியும் ஒரே அகலமா? படத்தில் பாத்திகள் சம அகலம் இல்லாவிட்டால் உயரத்தில் எண்ணிக்கையை அப்படியே வரையக் கூடாது, அகலத்தால் வகுத்துத்தான் வரைய வேண்டும். அங்கே அள்ளிய தண்ணியின் அளவும் நிற்கும் உயரமும் வேறாகிவிடும். பிள்ளைகளுக்கு அதை நான் எப்படிச் சொல்ல?

---

பெருந்துறையிலிருந்து

பெரிய பாத்தியில் ஒரு மணி நேரம் தண்ணி விட்டாலும் சாண் உயரம்தான் நிற்கும் டீச்சர். உங்கள் பிள்ளைகளை ஒரு நாள் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாங்க.

---

திருச்செங்கோட்டிலிருந்து

வரைவில் "பாத்தியகலம்" என்று மாற்றி, முதல் இடத்தில் மட்டும் "பிரிவு நீளம்" என்றும் சேர்த்திருக்கிறேன். டீச்சர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்பது தெரியும். "நிறுத்தம்" என்று எழுதிய போர்களை வேறு நிறத்தில் வரைந்து ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். அதுவரை சராசரி 542 என்ற வரியை எடுத்துவிட்டேன்.